பெறாத சிகிச்சைக்குப் பணமா? மருத்துவமனைப் பட்டியலைத் திருத்தி வாங்குவது எப்படி?

கொத்மலைத் தோட்டங்களில் இருந்து அரச வைத்தியசாலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அங்கு சிகிச்சை இலவசம். ஆனால் எலும்பு முறிவு, கல்லடைப்பு போன்றவற்றுக்குச் சத்திரசிகிச்சைத் திகதி தள்ளிப் போகும்போது, நகையை அடகு வைத்தாவது கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்கள் பல. வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அனுப்பும் காசில் வைத்தியம் பார்க்கும் வடக்கு, கிழக்குக் குடும்பங்களின் நிலையும் இதுதான். கடைசி நாளில் கையில் தரப்படும் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். வாகனம் வெளியே காத்து நிற்கும். பெரும்பாலானோர் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துக் கட்டிவிட்டு வருகிறார்கள்.

என் சித்தி கொத்மலையில் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். மலைச்சரிவில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் நான்கு இரவுகள் இருந்தார். பட்டியலில் இருந்த மொத்தத் தொகை 4,12,600 ரூபா. அதில் பாதியை அனுப்பியவர், 1977 வன்செயலின் பின் கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறிய மாமாவின் மகன். இப்போது கனடாவில் இருக்கிறார். அந்தப் பட்டியலைத் திருத்தி வாங்கிய வேலை என்னிடம் வந்தது.

முதலில் கேட்க வேண்டியது விபரப் பட்டியல். "மருந்து வகை 96,000" என்று ஒரே வரியில் இருந்தால் எதையும் சரிபார்க்க முடியாது. மருந்தின் பெயர், எண்ணிக்கை, ஒன்றின் விலை, கொடுத்த திகதி ஆகியவை வரிவரியாக இருக்க வேண்டும். இதைக் காசு கட்டுவதற்கு முன்பே காசாளரிடம் கேட்க வேண்டும். நோயாளி வாட்டில் இருக்கும்போதே இரண்டு நாளுக்கு ஒருமுறை இடைக்காலப் பட்டியலைக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

அடுத்தது, அந்தப் பட்டியலை எதனுடன் ஒப்பிடுவது என்பது. நம் ஞாபகம் போதாது. வாட்டில் நோயாளியின் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். வைத்தியர் எழுதிய கட்டளை, தாதி மருந்து கொடுத்த நேரம், அதற்கான கையொப்பம் எல்லாம் அதில் பதிவாகும். காசாளரின் பட்டியல் பெரும்பாலும் மருந்தகம் வாட்டுக்கு அனுப்பியதைக் கணக்கிடுகிறது. நோயாளிக்கு ஏற்றப்பட்டதைக் காட்டுவது கோப்பு. இந்த இரண்டுக்கும் இடையில்தான் பிழைகள் நுழைகின்றன. பயன்படுத்தாத மருந்து மருந்தகத்துக்குத் திரும்பிப் போகும். திரும்பிய பதிவு கணக்கில் ஏறாது. வைத்தியர் சொன்ன பரிசோதனை கைவிடப்படும்; கட்டணம் அப்படியே நிற்கும்.

சித்தியின் பட்டியலில் மூன்று வரிகள் இடித்தன.

முதலாவது அறைக் கட்டணம். அந்த மருத்துவமனையில் ஒரு நாள் என்பது நண்பகல் 12 மணி முதல் மறுநாள் நண்பகல் வரை. சித்தி திங்கள் மாலை 4 மணிக்கு அனுமதிக்கப்பட்டு வெள்ளி காலை 10 மணிக்கு அறையை விட்டு வந்தார். கணக்குப்படி நான்கு நாள். பட்டியல் தயாரானது பிற்பகல் 2 மணிக்கு என்பதால் ஐந்து நாள் விழுந்திருந்தது. ஒரு நாளுக்கு 9,000 ரூபா.

இரண்டாவது நுண்ணுயிர்க்கொல்லி ஊசி. பட்டியலில் 14. கோப்பின்படி திங்கள் இரவு ஒன்று, செவ்வாய் மூன்று, புதன் மூன்று, வியாழன் காலை ஒன்று. அத்துடன் வைத்தியர் குளிசைக்கு மாற்றிவிட்டார். ஆக மொத்தம் எட்டு. ஏற்றப்படாத ஆறு ஊசிக்கு, ஒன்று 1,450 வீதம் 8,700 ரூபா.

மூன்றாவது உடற்பயிற்சிச் சிகிச்சை. மூன்று தடவை என்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் 2,500 ரூபா. சித்திக்கு ஒரு தடவைதான் நினைவில் இருந்தது.

எண்ணிக்கையை நாட்களால் வகுத்துப் பார்ப்பது ஒரு நல்ல வழி. 2017இல் இந்தியாவின் குர்கான் நகரில் ஃபோர்டிஸ் மருத்துவமனையில் டெங்குவால் இறந்த ஏழு வயதுச் சிறுமியின் குடும்பத்துக்குச் சுமார் 16 இலட்சம் இந்திய ரூபா பட்டியல் கொடுக்கப்பட்டது. இரண்டு வாரக் காலத்துக்கு 660 சிரிஞ்சும் 2,700 கையுறையும் அதில் இருந்ததாக வெளிவந்த செய்தி நாட்டையே உலுக்கியது. ஒரு நாளைக்குச் சராசரி நாற்பதுக்கு மேற்பட்ட சிரிஞ்ச். ஆனால் இந்த வகுத்தல் சந்தேகத்தை எழுப்பத்தான் உதவும். தீவிர சிகிச்சைப் பிரிவில் எண்ணிக்கை இயல்பாகவே கூடும் என்று நிர்வாகம் சொல்லலாம். முடிவு சொல்வது கோப்புத்தான்.

வாயால் வாதாடுவதில் பயன் குறைவு. கணக்குப் பிரிவு முகாமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். தமிழில் எழுதி, ஆங்கிலப் பிரதியும் இணைத்தேன். அதன் சாரம் இது:

"அனுமதி இலக்கம் … கொண்ட நோயாளியின் இறுதிப் பட்டியலில் கீழ்க்காணும் வரிகளை ஆட்சேபிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே பட்டியலில் உள்ள எண்ணிக்கை, வாட்டுக் கோப்பில் உள்ள எண்ணிக்கை, வித்தியாசம் ஆகியவற்றைக் குறித்துள்ளோம். கோப்புடன் ஒப்பிட்டு, திருத்திய இறுதிப் பட்டியலைத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆட்சேபிக்காத தொகையை இன்று செலுத்துகிறோம்."

முழுத் தொகையையும் கட்டினால்தான் விடுவார்கள் என்ற நிலை வந்தால், பற்றுச்சீட்டின் பிரதியில் "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று எழுதி, திகதியிட்டு, காசாளரின் கையொப்பம் வாங்க வேண்டும். கடிதத்தின் பிரதியிலும் கிடைத்ததற்கான முத்திரை வேண்டும்.

நிர்வாகம் கோப்பை எடுத்துப் பார்த்தது. அறையும் ஊசியும் நாங்கள் சொன்னபடி திருத்தப்பட்டன. உடற்பயிற்சிப் பதிவேட்டில் இரண்டு தடவைக்குக் கையொப்பம் இருந்தது. சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாள் சித்தி அரைமயக்கத்தில் இருந்தபோது நடந்தது ஒன்று. ஆகவே ஒரு தடவைக் கட்டணம் மட்டும் நீக்கப்பட்டது. மூன்றும் சேர்த்து 20,200 ரூபா. அத்துடன் முடியவில்லை. அந்தப் பட்டியலில் 10 வீதச் சேவைக் கட்டணமும் இருந்தது. வரி நீங்கினால் அதன் மேல் ஏறிய வீதமும் நீங்க வேண்டும். அதைக் கேட்டபின் இன்னும் 2,020 ரூபா குறைந்தது. மொத்தம் 22,220 ரூபா. 2024இல் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் அது பதினாறு நாள் உழைப்பு.

"காசைத் திருப்பித் தருகிறோம், பட்டியல் அப்படியே இருக்கட்டும்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். காப்புறுதிக்கோ உதவி நிதிக்கோ விண்ணப்பிக்கும்போது பட்டியலும் பற்றுச்சீட்டும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி நம்மிடம்தான் வரும். திருத்திய பட்டியலில் அதே அனுமதி இலக்கம், திருத்தியது என்ற குறிப்பு, புதிய திகதி, புதிய மொத்தம் (எங்களுக்கு 3,90,380 ரூபா) இருக்க வேண்டும். பழையது ரத்து என்று எழுத்தில் இருக்க வேண்டும். திரும்பிய பணத்துக்குத் தனிச் சீட்டும் வேண்டும்.

மருத்துவமனை பதில் தராவிட்டால் இரண்டு இடங்கள் உண்டு. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபை ஒன்று. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை மற்றொன்று. அதன் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தொலைபேசியில் சொன்னதுடன் நின்றுவிட்டால் காலம் போய்விடும். விபரப் பட்டியல், பற்றுச்சீட்டு, முத்திரை பதித்த கடிதப் பிரதி மூன்றையும் இணைத்து அனுப்புங்கள்.

இந்த வழியில் ஒன்று மட்டும் முடியாது. கொடுத்த மருந்துக்குக் கூடுதல் விலை போட்டிருந்தால் அது வேறு வழக்கு. அதற்கு மருந்தின் உச்ச சில்லறை விலை ஆதாரமாக வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், விலை பற்றிய வாதத்துக்குள் எண்ணிக்கைப் பிழை மறைந்துபோகும். கொடுக்காததற்குப் பணம் கேட்டதை முதலில் முடியுங்கள். அதற்குக் கோப்பிலுள்ள கையொப்பங்களே போதும்.