மின்னஞ்சலில் நுழைந்தது யார்? நேரமும் இடமும் காட்டிக் கொடுக்கும்

மைக்ரோசாப்ட் மின்னஞ்சல் கணக்கின் Recent activity பக்கத்தில், கடந்த 30 நாட்களில் கணக்கைத் திறக்க நடந்த முயற்சிகளை நேரம், நாடு வாரியாகக் காணலாம். தோட்டத்தில் இருக்கும் பெற்றோர் அதைப் படமெடுத்து, பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தில் எதைப் பார்ப்பது?

ஈப்போவில் வசிக்கும் ஒருவரின் பட்டியல் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு 11.20க்கு மலேசியாவிலிருந்து Successful sign-in. பின்னிரவு 2.17க்கு வியட்நாம், 3.05க்கு ரஷ்யா, இரண்டும் Unsuccessful sign-in. 3.40க்குப் பிரேசிலிலிருந்து Successful sign-in.

வியட்நாம், ரஷ்யா என்ற பெயர்களைப் பார்த்ததும் பலர் பதறுகிறார்கள். உண்மையில் அவை தோற்றுப்போன முயற்சிகள். எங்கோ கசிந்த முகவரிப் பட்டியலை வைத்துக்கொண்டு கணினி நிரல்கள் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கின்றன. நாளுக்குப் பத்து முறை வந்தாலும் கதவு திறக்கவில்லை என்றே பொருள்.

கவலைப்பட வேண்டியது கடைசி வரிக்குத்தான். 11.20க்கு மலேசியாவில் இருந்தவர் நான்கு மணி இருபது நிமிடத்தில் பிரேசில் போய்ச் சேர முடியாது. விமானப் பயணமே ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஆக, கடவுச்சொல் வேறொருவர் கையில் இருக்கிறது. ஒரே விதிவிலக்கு, கைப்பேசியில் விபிஎன் செயலி ஓடுவது. அப்போது சொந்த நுழைவே வெளிநாடாகத் தெரியும். முதலில் அதைக் கேட்டுவிட வேண்டும்.

மலேசியாவுக்குள் ஊர்ப்பெயர் மாறுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இடம் இணைய முகவரியை வைத்துக் கணிக்கப்படுவதால், சுங்கை சிப்புட்டில் கைப்பேசி டேட்டாவில் நுழைந்தாலும் கோலாலம்பூர் என்று காட்டலாம்.

இதே காரணத்தால் மலேசியா என்று இருப்பதை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. திருடரும் விபிஎன் வழியாக உள்ளூர்க்காரராக வரலாம். வரியைத் தொட்டு விரித்தால் சாதனமும் உலாவியும் தெரியும். கைப்பேசி மட்டுமே வைத்திருப்பவரின் கணக்கில் விடியற்காலை 3 மணிக்கு விண்டோஸ் கணினி நுழைந்திருந்தால், ஊர் சரியாக இருந்தும் கணக்கு சரியில்லை. விரிக்காமல் எடுத்த படத்தில் இது தெரியாது. பிள்ளைகள் இரண்டாவது படம் கேட்பது நல்லது. அந்தப் படத்தை முகநூல் குழுவில் போட்டு விசாரிக்கக் கூடாது. இணைய முகவரி அதில் அப்படியே தெரியும்.

அந்நிய நுழைவு உறுதியானால் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற வேண்டும். வெளியேற்றம் முழுமையாக நடக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். பலர் மறப்பது அவுட்லுக் அமைப்பிலுள்ள Forwarding, Rules பகுதிகளைத்தான். வரும் கடிதங்களின் நகல் வேறு முகவரிக்குப் போகும்படி திருடர் அங்கே எழுதி வைத்திருந்தால், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அது போய்க்கொண்டே இருக்கும்.