திடீர் மின்தடை: கணினியில் உள்ள கோப்புகள் எப்படித் தப்பிக்கின்றன?

கணினியில் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சட்டென்று மின்சாரம் போய்விடுகிறது.

மின்சாரம் திரும்பியதும் கணினியை முடுக்குகிறீர்கள். எதுவும் நடக்காததுபோல் வழக்கமான திரை வருகிறது. பழைய கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் கடைசியாகத் தட்டச்சு செய்த இரண்டு பத்தியை மட்டும் காணோம்!

கணினி நல்லபடியாக எழுந்ததற்குக் காரணம் 'ஜர்னலிங்' எனும் ஏற்பாடு. அந்த இரண்டு பத்தியைக் காப்பாற்றுவதோ பெரும்பாலும் அதன் வேலை இல்லை.

ஏன் அப்படி? லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் ext4 எனும் கோப்பு முறையை வைத்துப் பார்ப்போம்.

ஒரு கோப்பைச் சேமித்தால் உள்ளே என்ன நடக்கிறது?

சேமிப்பு வட்டு சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ext4 முறையில் ஒரு கட்டத்தின் அளவு பொதுவாக 4,096 பைட்.

ஒரு கோப்பின் கடைசியில் சில வரிகளைச் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருக்கும் இடம் போதவில்லை. புதிதாக ஒரு கட்டம் வேண்டும். கணினி 500ஆம் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

நமக்கு அது ஒரே வேலை. கணினிக்கோ மூன்று வேலை:

- 500ஆம் கட்டத்தில் அந்த வரிகளை எழுதணும்.
- எந்தக் கட்டம் காலி என்று சொல்லும் 'பிட்மேப்' பட்டியலில், 500 இனி காலி இல்லை என்று குறிக்கணும்.
- கோப்பின் விவரங்களைத் தாங்கிய 'ஐநோட்' எனும் பதிவில், கோப்பின் புதிய அளவையும் 500 எனும் முகவரியையும் சேர்க்கணும்.

மூன்றும் வட்டின் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுத முடியும்.

நடுவில் மின்சாரம் போனால்?

பிட்மேப் மட்டும் மாறியிருந்தால் பெரிய ஆபத்து இல்லை. 500ஆம் கட்டம் யாருக்கும் பயன்படாமல் வீணாகக் கிடக்கும்.

ஐநோட் மட்டும் மாறியிருந்தால்தான் சிக்கல். 500 தன்னுடையது என்கிறது கோப்பு. அது காலி என்கிறது பட்டியல். நாளைக்கு வேறொரு கோப்புக்கும் அதே கட்டம் கொடுக்கப்படலாம். அப்புறம் ஒன்றில் எழுதினால் மற்றொன்று கெட்டுப்போகும்.

பிட்மேப்பும் ஐநோட்டும் மாறி, வரிகள் மட்டும் எழுதப்படாமல் போனால்? கோப்பைத் திறக்கும்போது, அந்தக் கட்டத்தில் முன்பு இருந்த ஏதோ ஒரு பழைய தகவல் தெரியும்.

1990களில் லினக்ஸில் இருந்த ext2 முறையில், மின்தடைக்குப் பிறகு `fsck` எனும் சோதனை நிரல் வட்டின் எல்லாப் பட்டியல்களையும் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வட்டு பெரிதாகப் பெரிதாகக் காத்திருக்கும் நேரமும் கூடியது. 2001இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட ext3 ஜர்னலைக் கொண்டுவந்தது. அதன் வாரிசுதான் ext4.

முதலில் குறிப்பேடு, பிறகு பேரேடு

கணக்குப்பதிவு படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பிறகு அதைப் பேரேட்டில் அந்தந்தப் பக்கத்தில் ஏற்றுவார்கள். ஜர்னல் என்பது வட்டின் குறிப்பேடு. அதற்கென வட்டில் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கும்.

நம் 500ஆம் கட்டத்தின் கதை இப்போது இப்படிப் போகும்:

1. கோப்பில் சேர்த்த வரிகள் நேராக 500ஆம் கட்டத்தில் எழுதப்படும்.
2. மாறவிருக்கும் பிட்மேப், ஐநோட் கட்டங்களின் முழு நகல்கள் ஜர்னலில் எழுதப்படும். உண்மையான இடத்தில் இன்னும் கை வைக்கவில்லை.
3. அவை வட்டில் பதிந்தது உறுதியானதும், ஜர்னலில் 'முடிந்தது' எனும் முத்திரை எழுதப்படும். இதற்குக் 'கமிட்' என்று பெயர்.
4. அதற்குப் பிறகு, சாவகாசமாக, அந்த மாற்றங்கள் உண்மையான இடத்தில் ஏற்றப்படும்.

எல்லாமே அந்த முத்திரையில்தான் இருக்கிறது.

முத்திரைக்கு முன் மின்சாரம் போனால், ஜர்னலில் உள்ள அரைகுறைப் பதிவு கண்டுகொள்ளப்படாது. கோப்பு பழைய அளவிலேயே இருக்கும். 500 காலியாகவே கருதப்படும். சேர்த்த வரிகள் போய்விட்டன, ஆனால் எதுவும் முரண்படவில்லை.

முத்திரைக்குப் பின் போனால், அடுத்த முறை முடுக்கும்போது கணினி ஜர்னலைப் படித்து, பிட்மேப்பையும் ஐநோட்டையும் உரிய இடத்தில் மறுபடி எழுதிவிடும்.

அந்தச் சீரமைப்பின்போதே இன்னொரு முறை மின்சாரம் போனால்? பரவாயில்லை. ஜர்னலில் இருப்பது முழுக் கட்டங்களின் நகல். அதை எத்தனை முறை எழுதினாலும் முடிவு ஒன்றுதான். மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம்.

வட்டு முழுவதையும் அலசத் தேவையில்லை. ஜர்னலை மட்டும் படித்தால் போதும். அதனால்தான் சில வினாடியில் வேலை முடிகிறது.

அது நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லினக்ஸில் இந்தக் கட்டளையைக் கொடுத்துப் பார்க்கலாம்:

```
sudo dmesg | grep EXT4-fs
```

`recovery complete` என்ற சொற்கள் தென்பட்டால், ஜர்னலைக் கொண்டு சீரமைப்பு நடந்திருக்கிறது. சில கணினிகளில் முடுக்கும்போதே திரையில் `recovering journal` என்று வந்து மறையும்.

அப்போ அந்த இரண்டு பத்தி எங்கே போனது?

ext4 பொதுவாக 5 வினாடிக்கு ஒருமுறை கமிட் செய்கிறது. ஆனால் கோப்புக்குள் நாம் எழுதுவது வட்டுக்குப் போகாமல் கணினியின் நினைவகத்திலேயே சுமார் 30 வினாடி காத்திருக்கலாம். 'சேமி' பொத்தானை அழுத்தவே இல்லை என்றால், அது செயலியை விட்டே வெளியே வந்திருக்காது. நினைவகத்தில் இருப்பது மின்சாரத்தோடு போய்விடும்.

அதனால் சில செயலிகள் சேமிக்கும்போது `fsync` எனும் அழைப்பைப் பயன்படுத்துகின்றன. "இது வட்டில் பதியும்வரை காத்திரு" என்று அதற்குப் பொருள்.

கோப்பின் உள்ளடக்கத்தையும் ஜர்னலில் எழுதச் சொல்ல ext4-இல் வழி உண்டு. `data=journal` என்பது அந்த அமைப்பின் பெயர். ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுத வேண்டியிருப்பதால் வேகம் குறையலாம். பெரும்பாலான கணினிகளில் இயல்பாக இருப்பது `data=ordered`. மேலே படிப்படியாகப் பார்த்தது அதைத்தான்.

ஜர்னல் எங்கே கைகொடுக்காது?

'எழுதிவிட்டேன்' என்று வட்டு சொல்வதைக் கணினி நம்புகிறது. வட்டு தன் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால், கமிட் முத்திரைக்கு மதிப்பில்லை.

நாளடைவில் வட்டு பழுதாகி ஒரு கட்டம் கெட்டுப்போனாலும் ஜர்னலால் அதை மீட்க முடியாது. அண்மைய மாற்றங்கள் மட்டுமே அதில் இருக்கும். பழையவை அழிக்கப்பட்டு, அதே இடம் மீண்டும் பயன்படுத்தப்படும்.

எல்லாக் கோப்பு முறையிலும் ஜர்னல் கிடையாது. விண்டோஸின் NTFS முறையில் உண்டு. ஆனால் USB விரலிகளிலும் கேமரா அட்டைகளிலும் அதிகம் காணப்படும் FAT32, exFAT இரண்டிலும் இல்லை. அவற்றில் எழுதிக்கொண்டிருக்கும்போது வெடுக்கென்று பிடுங்கினால், பாதியில் நின்ற வேலையைத் திருத்திக்கொள்ள அங்கே குறிப்பேடு இருக்காது. மறுபடி செருகும்போது "பழுது உள்ளதா என்று சோதிக்கவா?" என விண்டோஸ் கேட்பது அதனால்தான்.