ஷார்ட் ஸ்க்வீஸ்

பங்கை இரவல் வாங்கி விற்றவர்கள், விலை ஏறும்போது ஒரே நேரத்தில் திரும்ப வாங்க நேர்ந்து, அந்த வாங்குதலே விலையை மேலும் ஏற்றிவிடும் நிலை ஷார்ட் ஸ்க்வீஸ் எனப்படுகிறது. 2008 அக்டோபரில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பங்கில் நடந்தது இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு.

விலை இறங்கும் என்று நம்புபவர் பங்கை இரவல் பெற்று இன்றைய விலைக்கு விற்கிறார்; இறங்கியபின் வாங்கித் திருப்பித் தந்து, இடைப்பட்ட தொகையை லாபமாக எடுத்துக்கொள்கிறார். விலை ஏறினாலோ நட்டம் அவருடையது. சாதாரணமாகப் பங்கு வாங்கியவர் போட்ட பணத்துக்கு மேல் இழப்பதில்லை. ஷார்ட் விற்றவரின் நட்டத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. விலை ஏற ஏற, புரோக்கர் கூடுதல் மார்ஜின் கேட்பார். கட்ட முடியாதவரின் கணக்கில் புரோக்கரே பங்கை வாங்கி, இரவலை அடைத்துவிடுவார். அந்த வாங்குதலில் விலை பார்க்கப்படுவதில்லை என்பதே முக்கியம்.

ஃபோக்ஸ்வாகன் பங்கு அளவுக்கு மீறிய விலையில் இருப்பதாகப் பல ஹெட்ஜ் ஃபண்டுகள் கருதின. சாதாரணப் பங்குகளில் சுமார் 12 விழுக்காடு ஷார்ட் விற்கப்பட்டிருந்தது. அதுமட்டுமே அபாயகரமான அளவு அல்ல. ஆனால் அக்டோபர் 26, ஞாயிறன்று போர்ஷே நிறுவனம், தன்னிடம் 42.6 விழுக்காடு பங்கும், மேலும் 31.5 விழுக்காட்டுக்குப் பணமாகத் தீர்க்கப்படும் ஆப்ஷன்களும் இருப்பதாக அறிவித்தது. ஆப்ஷன் விற்ற வங்கிகள் தங்கள் பாதுகாப்புக்காகப் பங்குகளை வாங்கி வைத்திருக்கும் என்பதால், அவையும் சந்தைக்கு வராது. லோயர் சாக்சனி மாநில அரசிடம் 20 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருந்தது. விற்கும் எண்ணம் அதற்கு இல்லை. மிஞ்சியது ஏறத்தாழ 6 விழுக்காடுதான். திருப்பித் தர வேண்டியதோ அதைப்போல இரு மடங்கு. ஒரே நாளில் மாறியது கடனின் அளவு அல்ல, அதை அடைக்கக் கிடைக்கும் பங்கின் அளவு பற்றிய கணக்கு.

வெள்ளியன்று சுமார் 210 யூரோவில் முடிந்த பங்கு, திங்களன்று 520 யூரோவில் முடிந்தது. செவ்வாயன்று ஒரு கட்டத்தில் 1,000 யூரோவைத் தாண்டியது. அந்த நேரத்துக்கு உலகிலேயே மிக அதிகச் சந்தை மதிப்புள்ள நிறுவனம் ஃபோக்ஸ்வாகன்தான். 210 யூரோவில் நூறு பங்கு ஷார்ட் விற்றவர் கையில் வந்தது 21,000 யூரோ. திங்கள் மாலை அடைத்திருந்தால் 52,000 யூரோ செலவு, 31,000 நட்டம். பொறுத்துப் பார்த்துச் செவ்வாயன்று உச்சத்தில் வாங்க நேர்ந்திருந்தால் நட்டம் 79,000 யூரோவைத் தாண்டியிருக்கும். முந்திக்கொண்டவர் ஒவ்வொருவரும் பின்தங்கியவருக்கு விலையை ஏற்றிவைத்தார்.

இத்தகைய ஏற்றம் நிலைப்பதில்லை. வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்தாலோ, புதிதாகப் பங்கு வந்தாலோ விலை விழும். புதன்கிழமை, தன் ஆப்ஷன்களில் 5 விழுக்காடு வரை தீர்த்துப் பங்குகளுக்கு வழிவிடத் தயார் என்று போர்ஷே அறிவித்தது. அன்றே விலை 40 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது.