சாங்கர் வரிசையறிதல்: டைடீஆக்சி முறை

டிஎன்ஏ இழையில் A, T, G, C என்னும் நான்கு காரங்கள் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்பதை அறியும் முறைகளுள் ஒன்று. இழையை நகலெடுக்கும் வேலையை வெவ்வேறு இடங்களில் நிறுத்தி, அப்படி நின்றுபோன துண்டுகளின் நீளத்தைக் கொண்டு வரிசை கண்டறியப்படுகிறது. கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பிரெடெரிக் சாங்கர், நிக்லன், கூல்சன் ஆகிய மூவரும் இதை உருவாக்கி 1977இல் வெளியிட்டனர்.

டிஎன்ஏ பாலிமரேஸ் என்னும் நொதி, அச்சு இழைக்கு இணையான புதிய இழையை ஒவ்வொரு நியூக்ளியோடைடாகச் சேர்த்து வளர்க்கிறது. வளரும் முனையில் உள்ள சர்க்கரையின் 3' கார்பனில் ஒரு OH தொகுதி இருக்கும். அடுத்து வரும் நியூக்ளியோடைடின் பாஸ்பேட் அதனோடுதான் பிணைகிறது. டைடீஆக்சி நியூக்ளியோடைடில் அந்த இடத்தில் OH இல்லை, வெறும் ஹைட்ரஜன்தான் உண்டு. நொதி அதையும் இயல்பான நியூக்ளியோடைடு போலவே இழையில் சேர்த்துவிடும். சேர்த்தபின் அடுத்ததைப் பிணைக்க இடமில்லாததால் இழை அங்கேயே முடிந்துவிடும்.

தொடக்க கால முறையில் இதற்கு நான்கு குழாய்கள் தேவை. நான்கிலும் அச்சு இழை, நகல் தொடங்க வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும் பிரைமர், பாலிமரேஸ், நான்கு இயல்பான நியூக்ளியோடைடுகள் ஆகியவை இருக்கும். அந்த நான்கில் ஒன்று கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றப்பட்டது. இவற்றோடு ஒவ்வொரு குழாயிலும் ஒரே ஒரு வகை டைடீஆக்சி சேர்க்கப்படும். A குழாயில் உருவாகும் துண்டுகள் A வரும் இடங்களில் மட்டுமே முடியும், மற்றவையும் அப்படியே.

முறையின் வெற்றி டைடீஆக்சியின் அளவைப் பொறுத்தது. ஒவ்வொரு A இடத்திலும் நூற்றில் ஓர் இழை நிற்கும்படி கலந்தால், நூறு A-க்களைக் கடந்த பிறகும், அதாவது ஏறத்தாழ 400 காரங்கள் தாண்டியும், 37 விழுக்காடு இழைகள் வளர்ந்துகொண்டிருக்கும். பத்தில் ஒன்று நிற்கும்படி கலந்துவிட்டால் பத்து A-க்களுக்குள்ளேயே ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்துவிடும். பின்னர் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லின் அடிப்பகுதியில் பட்டைகள் அடர்த்தியாகவும் மேலே வெறுமையாகவும் தெரிந்தால் டைடீஆக்சி மிகுந்துவிட்டது என்று பொருள்.

வினை முடிந்ததும் இழைகளைச் சூடாக்கிப் பிரித்து, யூரியா கலந்த பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் நான்கு தடங்களில் ஓடவிடுவார்கள். மின்புலத்தில் குட்டையான துண்டு வேகமாக இறங்கும். ஒரே ஒரு காரம் கூடுதலாக உள்ள துண்டுகூடத் தனிப் பட்டையாகப் பிரிந்து நிற்கும். எக்ஸ்ரே படலத்தில் பதிந்த பட்டைகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

பீட்டா குளோபின் மரபணுவில் அரிவாள் செல் நோய்க்குக் காரணமான இடத்தை எடுத்துக்கொள்வோம். விளக்க வசதிக்காக, 20 கார நீளமுள்ள பிரைமர் அதற்குச் சற்று முன்பே முடிகிறது என்று கொள்வோம். C தடத்தில் 21, 22 நீளத் துண்டுகள்; T தடத்தில் 23; G தடத்தில் 24, 26, 27, 29; A தடத்தில் 25, 28. நீள வரிசையில் அடுக்கினால் கிடைப்பது CCTGAGGAG. இது புதிய இழையின் வரிசை. அச்சு இழை இதற்கு இணையானது, எதிர்த் திசையில் ஓடுவது. நோயாளியிடம் 25-ஆம் பட்டை A தடத்தில் இராது, T தடத்தில் இருக்கும். GAG என்பது GTG ஆகி, குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிடுகிறது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் மாற்றத்தைப் பெற்றவரிடம் 25-ஆம் பட்டை இரு தடங்களிலும் மங்கலாகத் தெரியும்.

படிப்பவரை ஏமாற்றும் இடங்களும் உண்டு. ஒரே நீளத்தில் நான்கு தடங்களிலும் பட்டை விழுந்தால் அங்கே நிறுத்தியது டைடீஆக்சி அன்று. பெரும்பாலும் அச்சு இழை மடிந்திருப்பதால் நொதியே நின்றிருக்கும். அதைவிட மோசமானது நெரிசல். G-யும் C-யும் மிகுந்த பகுதியில் துண்டின் முனை தன்மேலேயே மடிந்து கொண்டைஊசி வடிவம் எடுத்தால், அது தன் நீளத்துக்கு உரியதைவிட வேகமாக ஓடி, குட்டைத் துண்டின் பட்டையோடு சேர்ந்துவிடும். யூரியாவும் வெப்பமும் இதைக் குறைக்குமே தவிர எப்போதும் ஒழிப்பதில்லை. பட்டைகள் நெருங்கி, அடுத்து வழக்கத்தைவிட அகன்ற இடைவெளி வந்தால் ஐயப்பட வேண்டும். எதிர் இழையையும் படித்து ஒப்பிடுவதே நம்பகமான தீர்வு. அதில் மடிப்பு வேறிடத்தில் விழுவதால் இங்கே மறைந்த காரம் அங்கே வெளிப்படும்.

1980களின் பிற்பகுதியில் கதிரியக்கத்துக்குப் பதில் ஒளிரும் சாயங்கள் வந்தன. இன்றைய கருவிகளில் நான்கு டைடீஆக்சிகளும் நான்கு நிறச் சாயங்களோடு ஒரே குழாயில் சேர்க்கப்படுகின்றன. மெல்லிய நுண்குழாயின் முனையைக் கடக்கும் துண்டு லேசர் ஒளியில் மிளிரும் நிறத்தைக் கருவி ஒரு முகடாகப் பதிவு செய்கிறது. தடத்தின் இடத்தை நிறம் பிடித்துக்கொண்டதே தவிர, நீளத்தை அளந்து வரிசை காணும் அடிப்படை மாறவில்லை. அதன் எல்லைக்கான காரணமும் மாறவில்லை. 30-க்கும் 31-க்கும் இடையே நீள வேறுபாடு 3 விழுக்காட்டுக்கு மேல். 800-க்கும் 801-க்கும் இடையே எட்டில் ஒரு விழுக்காடுதான். ஆகவே ஏறத்தாழ 700 முதல் 900 காரங்களுக்கு அப்பால் முகடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அதைவிட நீண்ட டிஎன்ஏவைப் பல பிரைமர்களிலிருந்து தனித்தனியே படித்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளைக் கொண்டு இணைக்கிறார்கள்.