மாதிரி வழங்கல்

மாதிரி வழங்கல் என்பது, ஒரு பொருளை இதுவரை வாங்காதவர் முதன்முறை வாங்குவதற்காக அதைச் சிறு அளவில் இலவசமாகத் தரும் விற்பனை முறை. கடையிலேயே சுவைக்கக் கொடுப்பது, வீட்டில் பயன்படுத்தச் சிறு பொட்டலம் தருவது என இது இருவகைப்படும். 1903இல் அமைந்த இந்தியத் தேயிலை வரிக் குழு, பின்னாளில் ஊர்தோறும் தேநீர் தயாரித்துக் காட்டி இலவசமாக வழங்கியது.

இதன் பயனைக் காட்டுவது முதல் விற்பனையன்று, முழு விலையில் நிகழும் மறுகொள்முதலே. எடுத்துக்காட்டாக, 1,000 வீடுகளுக்கு 15 ரூபாய் அடக்கமுள்ள காப்பித்தூள் பொட்டலம் தரப்படுகிறது. 120 வீடுகள் வாங்குகின்றன, 48 வீடுகள் மீண்டும் வாங்குகின்றன. மறுகொள்முதல் விகிதம் 40 விழுக்காடு. ஆனால் மாதிரி பெறாத, இதையொத்த 1,000 வீடுகளிலும் 16 வீடுகள் மீண்டும் வாங்கியிருந்தால், மாதிரியால் கிடைத்தவை 32 மட்டுமே. ஒரு நிலையான வாடிக்கையாளருக்கான செலவு ஏறத்தாழ 469 ரூபாய். இந்த ஒப்பீட்டுக் குழு இல்லாத கணக்கு 313 ரூபாய் என்றே காட்டும்.

முதலில் வாங்கிய தூள் தீரும் முன்பே கணக்கை முடித்தால் விகிதம் குறைந்து தெரியும். ஏற்கெனவே வாங்குபவர்களுக்கு மாதிரி போய்ச் சேர்ந்தால் அது கூடித் தெரியும். பழைய விற்பனைப் பதிவுடன் ஒப்பிட்டு அவர்களை நீக்க வேண்டும்.