வைரஸ் எதிர்ப்பு மருந்துகள்: இன்ஃப்ளூயன்ஸா, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி

இந்த மூன்று நோய்களுக்கும் இன்று மாத்திரை உண்டு. ஹெபடைடிஸ் சி-க்குப் பெரும்பாலும் 12 வாரத்தில் சிகிச்சை முடிந்துவிடுகிறது. பி-க்குப் பலர் ஆண்டுக்கணக்கில், சிலர் ஆயுள் முழுதும் மருந்து சாப்பிடுகிறார்கள். இன்ஃப்ளூயன்ஸாவுக்குக் காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். வைரஸின் வாழ்க்கையில் எந்தப் படியை மருந்து மறிக்கிறது, அப்படி மறித்த பிறகு வைரஸின் மிச்சம் எங்கே தங்குகிறது என்பதைப் பொறுத்தே இந்த வேறுபாடு அமைகிறது.

இன்ஃப்ளூயன்ஸாவுக்கான முதல் மருந்து அமாண்டடின். அமெரிக்காவில் 1966-இல் ஒப்புதல் பெற்றது. செல்லுக்குள் நுழைந்த வைரஸின் உறைக்குள் அமிலம் கசிந்தால்தான் உள்ளிருக்கும் ஆர்என்ஏ விடுபடும். அந்தக் கசிவுக்கான எம்2 என்னும் துளையை அமாண்டடின் அடைத்தது. துளையின் சுவரில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதும் அடைப்பு பயனற்றுப் போயிற்று. எதிர்ப்பு பரவிவிட்டதால் 2006 ஜனவரியில் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது.

1999-இல் வந்த ஜானமிவிரும் ஓசெல்டாமிவிரும் எதிர்முனையைப் பிடித்தன. புதிதாகப் பிறந்த வைரஸ்கள் செல்லின் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நியூராமினிடேஸ் என்னும் நொதி அதை வெட்டினால்தான் அவை வெளியேறும். இம்மருந்துகள் அந்த நொதியின் வாயில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வைரஸ் பெருக்கம் முதல் சில நாட்களிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுவதால், தாமதித்தால் மறிப்பதற்கு அதிகம் மிஞ்சாது. ஆனாலும் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு இரண்டு நாள் கழிந்தும் ஓசெல்டாமிவிர் கொடுக்கிறார்கள். 2018-இல் வந்த பலோக்சவிர் இடைப்படியை மறிக்கிறது. வைரஸ் நம் செல்லின் ஆர்என்ஏவிலிருந்து தலைப்பகுதியைத் திருடித் தன் ஆர்என்ஏவுக்கு வைத்துக்கொள்ளும். அந்தத் திருட்டுக்கான கத்தரியை இது முடக்குகிறது.

ஹெபடைடிஸ் பி வேறு வகை. அது கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் டிஎன்ஏவை ஒரு மூடிய வளையமாக வைத்துவிடுகிறது. அந்த மூலப்படியிலிருந்து ஆர்என்ஏ நகல் எழுதப்பட்டு, பிறகு அந்த ஆர்என்ஏ மறுபடி டிஎன்ஏவாக மாற்றப்படுகிறது. எச்ஐவிக்காக உருவான லாமிவுடின் 1998-இல் பி-க்கும் வந்தது. இது டிஎன்ஏ சங்கிலியில் கோக்கப்படும் போலிக் கண்ணி. அதில் அடுத்த கண்ணியை மாட்டக் கொக்கி இல்லை. ஆனால் ஐந்தாண்டில் பெரும்பாலோரிடம் எதிர்ப்பு தோன்றியது. 2005-இல் என்டெகவிரும் 2008-இல் டெனோஃபோவிரும் வந்த பிறகே இந்தச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது.

தீராதது ஒன்றுண்டு. இம்மருந்துகள் மறிப்பது நகலெடுப்பைத்தான். மூலப்படியை அவை தொடுவதில்லை. அதனால்தான் நன்றாகக் கட்டுப்பட்ட நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் டிஎன்ஏ தென்படாது, ஆனால் மேற்பரப்பு ஆன்டிஜன் சோதனை பாசிட்டிவ் என்றே வரும். டிஎன்ஏ தென்படாததைக் கண்டு ‘குணமாகிவிட்டது’ என்று தாமாகவே மருந்தை நிறுத்துபவர்களுக்கு வைரஸ் மீண்டும் எழுந்து கல்லீரல் கடுமையாக வீங்கலாம். கீழாநெல்லி இனச் செடி ஒன்று இந்த ஆன்டிஜனை மறைய வைத்ததாகச் சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஹெபடைடிஸ் சி 1989-இல்தான் அடையாளம் காணப்பட்டது. நெடுங்காலம் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரினுமே சிகிச்சை. பாதிப்பேர்கூடத் தேறாத வகைகள் உண்டு. இந்த வைரஸ் முழுக்க ஆர்என்ஏ. உட்கருவில் மூலப்படி எதையும் வைப்பதில்லை. தன் புரதங்களை ஒரே நீளச் சங்கிலியாக உண்டாக்கி, பிறகு துண்டு போட்டுக்கொள்கிறது. 2011-இல் வந்த டெலாப்ரெவிரும் போசெப்ரெவிரும் அந்த வெட்டும் நொதியை மறித்தன. 2013 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற சோஃபோஸ்புவிர் ஆர்என்ஏ சங்கிலியை நிறுத்தும் போலிக் கண்ணி. வெல்படாஸ்விர் போன்றவை என்எஸ்5ஏ என்னும் புரதத்தைப் பிடித்து, நகலெடுக்கும் கூடத்தையே குலைக்கின்றன. பெயரின் வால் வேலையைச் சொல்லிவிடும்: ப்ரெவிர் வெட்டும் நொதிக்கு, புவிர் நகலெடுக்கும் நொதிக்கு, ஆஸ்விர் என்எஸ்5ஏவுக்கு. நகலெடுப்பு நின்றால் மிச்ச ஆர்என்ஏ தானே சிதைந்துபோகும். மருந்து முடிந்து 12 வாரம் கழித்தும் ரத்தத்தில் வைரஸ் இல்லையென்றால் குணம் என்றே கொள்கிறார்கள். அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரை ஒன்று 1,000 டாலருக்கு வந்தது. 2014-இல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்தபின் இங்கே விலை பல மடங்கு இறங்கியது.

இரண்டு வைரஸும் ஒரே உடம்பில் இருந்தால் இந்த வேறுபாடு ஆபத்தாக முடியலாம். சி செழிக்கும்போது பி பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். புதிய மருந்து சில வாரங்களில் சி-யைத் துடைத்ததும், அடங்கியிருந்த மூலப்படி விழித்துக்கொள்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 அக்டோபரில் இத்தகைய 24 பேரின் விவரங்களைச் சுட்டிக்காட்டி எச்சரித்தது. அவர்களில் இருவர் இறந்திருந்தனர், ஒருவருக்குக் கல்லீரல் மாற்ற வேண்டியிருந்தது. எனவே சி சிகிச்சைக்கு முன் பி-யின் மேற்பரப்பு ஆன்டிஜனும் உள்ளக எதிர்ப்பொருளும் பார்க்கப்படுகின்றன. ஆன்டிஜன் பாசிட்டிவ் என்றால் சோஃபோஸ்புவிர் கூட்டுமருந்துடன் டெனோஃபோவிரோ என்டெகவிரோ சேர்த்துத் தொடங்குகிறார்கள். 12-வது வாரத்தில் சி மாத்திரை நிற்கும். பி மாத்திரை அதற்குப் பிறகும் குறைந்தது 12 வாரமாவது தொடரும்.