ஊருக்கு எத்தனை வீடு? ஓர் எண்ணின் பயணம்

கணக்கெடுப்பில் ஊருக்கு எத்தனை வீடு எடுப்பது என்ற எண் பிறந்தது வங்காளத்தின் சணல் வயல்களில். 1930களின் பிற்பகுதியில் பி. சி. மகலனோபிஸ் அங்கே சணல் பரப்பை மாதிரி முறையில் அளக்கத் தொடங்கினார். வயலை அளக்க எவ்வளவு நேரம், அடுத்த இடத்துக்கு நடக்க எவ்வளவு நேரம் என்று பணியாளர்களின் பொழுதைப் பிரித்துக் குறிக்கச் செய்தார். நடக்கும் செலவையும் மதிப்பீட்டின் பிழையையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் அங்கே உருவானது.

1940களில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையில் மோரிஸ் ஹான்சனும் வில்லியம் ஹர்விட்ஸும் அதே சிக்கலை வீடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே ஊரின் வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமையின் அளவு ρ. ஓர் ஊருக்குப் போய்ச் சேரும் செலவு C, ஒரு வீட்டில் பேட்டி எடுக்கும் செலவு c என்றால், ஊருக்கு எடுக்க வேண்டிய வீடுகள்:

m = √((C/c) × (1−ρ)/ρ)

மொத்தப் பணம் எவ்வளவு என்பது இதில் இல்லை. பணம் கூடினால் ஊர்கள்தான் கூடும். ஊருக்கு இத்தனை வீடு என்பது மாறாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கையில் 4,00,000 ரூபாய். ஓர் ஊருக்கு 4,000, ஒரு வீட்டுக்கு 250, ρ 0.06. சூத்திரம் 16 வீடுகள் என்கிறது. 50 ஊர்களில் 800 வீடுகள் கிடைக்கும். ஒப்புமையால் பிழையின் மாறுபாடு 1 + 15 × 0.06 = 1.9 மடங்காகும். ஆகவே தனித்தனியாகப் பொறுக்கிய ஏறத்தாழ 421 வீடுகளின் பலன்தான் மிஞ்சும். ஊருக்கு 40 வீடு எடுத்தால் அதே பணத்தில் 28 ஊர்களில் 1,120 பேட்டிகள் கிடைக்கும். பலனோ 335 வீடுகள் அளவுக்குச் சரியும். பேட்டி கூடியும் தகவல் குறைகிறது. ஊருக்கு 10 வீடு எடுத்தால் பலன் 396, 22 எடுத்தால் 409. சூத்திரம் சொன்ன எண்ணிலிருந்து சற்று விலகினால் பெரிய இழப்பில்லை.

பிறகு இந்த எண் உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிக் கணக்கெடுப்புக்குப் போனது. அங்கே 30 கொத்துகள், கொத்துக்கு 7 குழந்தைகள் என்று நிலைபெற்றது. மாறுபாடு இரு மடங்காகும் என்ற அனுமானத்தின்மேல் அது நின்றது. 7 குழந்தைகளுக்கு அப்படி ஆக ρ சுமார் 0.17 இருக்க வேண்டும். ஊரே தடுப்பூசியை மறுத்த இடங்களில் ρ அதையும் தாண்டும். அப்போது முடிவு காட்டும் துல்லியம் பொய்யாகிவிடும்.

இந்தியாவின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கொத்துக்கு 22 வீடுகளை எடுக்கிறது. நூற்றுக்கணக்கான கேள்விகள் கேட்கும் கணக்கெடுப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே ρ கிடையாது. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் ஊரில் குடிநீர் பற்றிய கேள்விக்கு ρ 0.3 என்றால், நம் கணக்கில் 6 வீடுகளே போதும். ஆகவே எந்தக் கேள்விக்காக இந்தக் கணக்கெடுப்பு என்பதை முதலில் முடிவு செய்து, அதன் ρ-வை வைத்தே எண்ணைத் தேர வேண்டும். களப்பணி முடிந்ததும் ஊர்வாரியாகக் கிடைத்த தரவிலிருந்து ρ-வையும், பயணப் பதிவேட்டிலிருந்து C, c இரண்டையும் மறுபடி கணக்கிட்டு எழுதிவைத்தால், அடுத்த கணக்கெடுப்பு இன்னொரு நாட்டின் எண்ணைக் கடன் வாங்க வேண்டியதில்லை.